திருமண வாழ்த்துரையை மெய்ப்புப் பார்த்தல்: மேடையில் சொன்னால் சரியாக இருக்கும் வரி, அச்சில் வந்தால் என்ன ஆகும்?

தங்கைக்கு அண்ணன்:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் திருமண வரவேற்பில் நான் வாழ்த்துரை வழங்க வேண்டும். எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் ஐந்து நிமிடம். நான் எழுதி முடித்திருப்பது ஏறத்தாழ 540 சொற்கள். மணமகன் எனக்குப் பன்னிரண்டு ஆண்டு கால நண்பர் என்பதால் உரை முழுவதும் அவரை ‘மதி’ என்றே குறிப்பிட்டு, ‘அவன் வந்தான், அவன் சொன்னான்’ என்றே எழுதியிருந்தேன். மேடையில் பேசும் எல்லாருடைய உரைகளையும் ஒரு சிறு நூலாக அச்சிட்டு விருந்தினர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்பது நேற்றுத்தான் தெரியவந்தது. மணமகனின் பெற்றோர், அச்சில் மதியழகன் என்ற முழுப்பெயரே வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். (இங்கே எழுதும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் சிக்கல் அதேதான்.)

கணினியில் ‘மதி’ என்று தேடி, எல்லா இடங்களிலும் ‘மதியழகன்’ என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டுக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். இன்று காலை என் மனைவி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “நிம்மதியழகன் என்பவர் யார்?” என்று கேட்டார். அதன்பின் உட்கார்ந்து பார்த்ததில் ‘மதியழகன்ப்பு’, ‘சம்மதியழகன்த்தார்’, ‘மதியழகன்க்கு’ என்று பக்கத்துக்கு இரண்டு மூன்று கிடைத்தன. அச்சகத்தில் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் திருத்திய படியைக் கொடுக்க வேண்டும்.

பெயர்களை எப்படிச் சரிபார்ப்பது என்பது முதல் கேள்வி. அதைவிட என்னை உறுத்துவது உரையில் இருக்கும் நகைச்சுவை. சொல்லும்போது சிரிப்பு வரும் என்று நினைத்து எழுதிய இரண்டு மூன்று இடங்கள், தாளில் படிக்கும்போது வேறு மாதிரி ஒலிக்கின்றன.

---

தாழ்வாரம்:

அழைப்பிதழில் பெயர்களை எப்போதும் இரு வீட்டாரும் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்களின் பெயர் வரிசையில் ஒருவர் விடுபட்டுப் போனதால், அத்தனை படிகளையும் மறுபடி அச்சிட்டோம். தாளின் தடிமன் என்ன என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

தங்கைக்கு அண்ணன்:

நன்றி, ஐயா. ஆனால் நான் கேட்பது அழைப்பிதழைப் பற்றியன்று. மேடையில் பேசும் உரை அச்சிலும் வருவதால் உண்டாகும் சிக்கலைப் பற்றித்தான். இரு வீட்டாரும் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். குறித்துக்கொண்டேன்.

---

மெய்ப்பு மேசை:

பதிப்பகம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். இத்தகைய சிறு நூல்களும் அடிக்கடி என் மேசைக்கு வரும். முதலில் பெயரைப் பார்ப்போம். அதுதான் வியாழனுக்குள் தீர வேண்டியது.

இப்போது இருக்கும் கோப்பைத் திருத்த முயல வேண்டாம். மாற்றுவதற்கு முன்பிருந்த கோப்பு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். ‘மதியழகன்’ என்ற பெயருக்குள்ளேயே ‘மதி’ இருக்கிறது. யாராவது அதே கட்டளையை இன்னொரு முறை இட்டால் ‘மதியழகன்யழகன்’ என்று ஆகிவிடும். பழைய கோப்பில் ஒவ்வோர் இடமாக நின்று பார்த்து மாற்றுங்கள். ‘மதி’க்குப் பின்னால் இடைவெளி வைத்துத் தேடினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அப்படித் தேடினால் ‘நிம்மதி’, ‘அனுமதி’ ஆகியவையும் வந்து நிற்கும். ‘மதியின்’, ‘மதிக்கு’, காற்புள்ளி ஒட்டிய ‘மதி,’ ஆகியவை தப்பிப் போகும்.

மாற்றும்போது பெயரோடு வேற்றுமை உருபும் மாற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ‘மதிக்கு’ என்பது ‘மதியழகனுக்கு’ ஆகும். ‘மதியை’ என்பது ‘மதியழகனை’ ஆகும். இதனால்தான் மாற்றி முடித்த பிறகு சரிபார்க்கும்போது இன்னொரு குழி காத்திருக்கிறது. ‘மதியழகன்’ என்று முழுப்பெயரைத் தட்டித் தேடினால் ‘மதியழகனுக்கு’, ‘மதியழகனின்’ ஆகிய இடங்கள் அகப்படா. தேடும் சொல்லின் கடைசியில் புள்ளி இருக்கிறது. உருபு சேர்ந்த சொல்லில் அந்தப் புள்ளி இல்லை, அதன் இடத்தில் உயிர்க்குறி வந்துவிட்டது. கணினியின் கண்ணுக்கு இரண்டும் வேறு. ‘மதியழக’ என்ற அளவோடு நிறுத்தித் தேடுங்கள், எல்லாம் வரும்.

உரையில் கௌசல்யா, கௌதமன் போன்ற பெயர்கள் இருந்தால் அவற்றைத் தனியாகப் பாருங்கள். பலர் ‘கௌ’ என்பதற்குக் ‘கெ’ போட்டு அடுத்து ‘ள’வைத் தட்டிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். எழுத்துரு மாறும்போதும் தேடும்போதும்தான் வேறுபாடு தலைகாட்டும். ஒரே நூலில் ஒரே பெண்ணின் பெயர் இருவிதமாக இருந்ததை நான் மூன்றாவது மெய்ப்பில்தான் கண்டுபிடித்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உரையில் வரும் பெயர்களை மட்டும் ஒரு தனித்தாளில் எழுதுங்கள். அந்தப் பெயருக்கு உரியவர் தம் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே அவரிடமோ அவர் வீட்டாரிடமோ கேட்டு எழுத வேண்டும். ன, ண வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் பெயர்களில் இலக்கணத்துக்குக் கட்டுப்படா. அவர் எழுதுவதே சரி. பிறகு உரையைப் படிக்காமல் பெயர்களை மட்டும் அந்தத் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டே போங்கள். பொருளைப் பின்பற்றிப் படிக்கும் கண், தெரிந்த பெயரைத் தானாகவே திருத்திப் படித்துவிடும்.

நகைச்சுவை வரிகளை இங்கே அப்படியே எழுதுங்கள், பார்ப்போம்.

---

ஒலிவாங்கி:

நான் நிகழ்ச்சித் தொகுப்பாளர். நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு நிமிடத்துக்கு 130 சொற்கள் என்பதுதான் மேடைப் பேச்சின் பொதுக் கணக்கு. 540 சொற்கள் என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலே போகும். ஐந்து நிமிடத்துக்குள் தாராளமாக அடங்கிவிடும், வெட்ட வேண்டியதில்லை.

நகைச்சுவை வரிகளுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்புக்கு நிறுத்தவும்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வரி சிரிப்பில் மூழ்கிவிடும். அச்சிலும் வரியின் இறுதியில் வியப்புக்குறி போட்டால், படிப்பவர் இது விளையாட்டாகச் சொன்னது என்று புரிந்துகொள்வார்.

---

மெய்ப்பு மேசை:

சிரிப்புக்கு இடம் விட வேண்டும் என்பது முற்றிலும் சரி. 130 என்ற கணக்கை மட்டும் இங்கே பயன்படுத்த வேண்டாம். அது ஆங்கிலப் பேச்சுக்கு உரிய கணக்கு. ‘காத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு நான்கைந்து சொற்கள் வேண்டும். அதையே ஒருவர் ‘காத்துக் கொண்டு இருந்தவர்களுக்கு எல்லாம்’ என்று பிரித்து எழுதினால் எண்ணிக்கை நான்காகிவிடும், சொல்லும் நேரமோ மாறாது. எனவே சொல்லை எண்ணி நேரத்தைக் கணக்கிடுவது தமிழில் சரிவராது. எழுந்து நின்று, எதிரே ஆட்கள் இருப்பதாக எண்ணிக்கொண்டு, வாய்விட்டு ஒரு முறை பேசிக் கடிகாரத்தைப் பாருங்கள். மனத்துக்குள் படித்து எடுத்த நேரம் எதற்கும் உதவாது.

‘சிரிப்புக்கு நிறுத்தவும்’ என்பது நீங்கள் கையில் வைத்திருக்கும் படியில் மட்டும் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் கோப்பில் அது தங்கிவிட்டால், அதையும் உரையின் ஒரு பகுதியாகவே எழுத்து கோப்பவர் கோத்துவிடுவார். ‘இங்கே தண்ணீர் குடிக்கவும்’ என்ற குறிப்பு இறுதி மெய்ப்பு வரை வந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வியப்புக்குறியைப் பற்றி நான் சொல்வது சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். அது காப்பாற்றும் என்று நம்பி ஒரு வரியை அச்சுக்கு அனுப்பக் கூடாது. புண்படுத்தும் வரியின் இறுதியில் வியப்புக்குறி இருந்தால், புண்படுத்தியவர் மகிழ்ச்சியாகவும் இருந்தார் என்றுதான் அது காட்டும்.

---

தங்கைக்கு அண்ணன்:

நின்று பேசிப் பார்த்தேன். என் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம் பத்து நொடி ஆயிற்று. சிரிப்புக்கு நான் விட்ட இடமும் அதில் அடக்கம். மனத்துக்குள் படித்தபோது மூன்றரை நிமிடமே ஆனது. நிமிடத்துக்கு 90 சொற்கள்கூட நான் பேசவில்லை. அப்படியானால் 400 சொற்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐயா கேட்ட வரிகள் இவை. பழைய வடிவிலேயே தருகிறேன்.

ஒன்று: “கல்லூரியில் மதி என்னிடம் வாங்கிய கடனை இன்றுவரை திருப்பித் தந்ததில்லை. இப்போது வட்டிக்கு என் தங்கையையும் கூட்டிக்கொண்டு போகிறான்.”

இரண்டு: “இருபத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நாளையிலிருந்து இருக்காது. இனி எங்கள் வீட்டில் நிம்மதி.”

மூன்று: “இவளுக்கு மாப்பிள்ளை பார்த்துப் பார்த்து நாங்கள் களைத்துப் போனபோதுதான் மதி வந்து மாட்டினான்.”

இவை தவிர, “அதோ அங்கே உட்கார்ந்திருக்கும் சித்தி இல்லாவிட்டால் இந்தத் திருமணமே நடந்திருக்காது” என்று ஒரு வரி. மதியின் சித்தியைத்தான் சொல்கிறேன். அது நகைச்சுவை இல்லை, நன்றி.

---

நீலமை:

அந்தக் கடைசி வரியை முதலில் மாற்றுங்கள், அண்ணா. என் தோழியின் திருமணத்தில் நான் பேசியதை இப்படித்தான் அச்சிட்டார்கள். மேடையில் நான் கையை நீட்டிக் காட்டி, “இதோ, இந்தச் சித்தி” என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குழப்பம் ஏதும் இல்லை. நூலில் கை இல்லை. ‘மணமகளின் சித்தி அவளைத் தன் பெண்ணாகவே வளர்த்தார்’ என்று மட்டும் இருந்தது. சித்தி என்றால் அம்மாவின் தங்கையாகவும் இருக்கலாம், சித்தப்பாவின் மனைவியாகவும் இருக்கலாம், அப்பாவின் இரண்டாவது மனைவியையும் பல வீடுகளில் அப்படித்தான் அழைக்கிறார்கள். வராதவர்கள் நூலைப் படித்துவிட்டு, அவளுடைய அம்மாவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுடைய அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டவர். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் அந்த நூலை எடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை.

பெயரையும் முறையையும் சேர்த்தே எழுதுங்கள். ‘மதியழகனின் தாயாருடைய தங்கை’ என்று எழுதி, அடுத்து அவருடைய பெயரைப் போட்டால் யாருக்கும் ஐயம் வராது.

---

மெய்ப்பு மேசை:

நீலமை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ‘அதோ’, ‘இதோ’, ‘இவர்’, ‘நம் முன்னால்’ ஆகிய சொற்களை எல்லாம் தேடி எடுங்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு கையோ பார்வையோ மறைந்திருக்கும். அதேபோல ‘நாளையிலிருந்து’, ‘சற்று முன்’, ‘நாம் இப்போது பார்த்த படங்களில்’ ஆகியவற்றையும் பாருங்கள். அவற்றுள் சில மேடையிலேயே தவறிப்போகும். படக்காட்சி உங்கள் பேச்சுக்குப் பின் என்று நிகழ்ச்சி நிரலை மாற்றினால், ‘இப்போது பார்த்த படங்கள்’ என்ன ஆகும்? நிகழ்ச்சியின் வரிசையைச் சார்ந்திருக்கும் வரி ஒன்றுகூட உரையில் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

இனி நகைச்சுவைக்கு வருவோம். அச்சுக்கு முன் நான் ஒரே ஒரு சோதனை செய்வேன். வரியிலிருந்து குரலையும் சிரிப்பையும் எடுத்துவிட்டு, அது என்ன செய்தியைச் சொல்கிறது என்று தனியாக ஒரு வாக்கியமாக எழுதிப் பார்ப்பேன். உங்களுடைய முதல் வரியில் மிஞ்சுவது இது: ‘மணமகன் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர்; மணமகள் அந்தக் கடனுக்கு வட்டி.’ மேடையில் உங்களுக்கும் அவருக்கும் உள்ள பன்னிரண்டு ஆண்டு நட்பு அந்த வரியைச் சுமந்து செல்கிறது. நூலைப் படிக்கும் அவருடைய அலுவலக மேலாளருக்கு அந்த நட்பு தெரியாது, கடன் மட்டும்தான் தெரியும். வட்டி என்ற பகுதி இன்னும் மோசம். அதை எந்த வகையிலும் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடுங்கள்.

முதல் பகுதியைத் திருப்பிப் போட முடியுமா என்று யோசியுங்கள். கேலி பேசுபவர் மீதே திரும்பினால் பெரும்பாலும் அச்சிலும் நிற்கும். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். கடன் வாங்கியவர் நீங்கள் என்று பொய்யாக எழுதினால், உண்மை தெரிந்த நண்பர்கள் படித்துவிட்டு வேறு ஏதோ பூசல் என்று நினைப்பார்கள். உண்மையில் என்ன நடந்தது?

மூன்றாவது வரியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ‘களைத்துப் போனோம்’, ‘மாட்டினான்’ இரண்டும் உங்கள் தங்கையைச் சுமையாக்குகின்றன. நீக்கிவிடுங்கள். நூறு சொற்களுக்கு மேல் குறைக்க வேண்டும் என்றீர்களே, அங்கிருந்து தொடங்கலாம்.

---

தங்கைக்கு அண்ணன்:

உண்மையில் இருவரும் மாறி மாறித்தான் கடன் வாங்கிக்கொண்டோம். மதி ஒரு சிறிய குறிப்பேட்டில் கணக்கு எழுதி வைத்திருந்தார். கல்லூரி முடிந்து விடுதியைக் காலி செய்த நாளில் அந்தக் குறிப்பேடு என் பெட்டிக்குள் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே இருந்த தொகையைக் கோடு போட்டு அடித்து, அதற்குக் கீழே ‘சரியாகிவிட்டது’ என்று எழுதியிருந்தார். ஆனால் நான் அந்தப் பணத்தைக் கொடுக்கவே இல்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உரையில் எழுத வேண்டும் என்றும் தோன்றவில்லை.

---

நீலமை:

அண்ணா, அதைத்தான் எழுத வேண்டும்.

---

மெய்ப்பு மேசை:

ஆம். ஒரு சொல்கூடக் கூட்டாமல், இங்கே எழுதியிருப்பதை அப்படியே உரையில் வையுங்கள். ‘அவர் எவ்வளவு நல்லவர் பாருங்கள்’ என்று பின்னால் ஒரு வரி சேர்க்கத் தோன்றும், வேண்டாம்.

---

ஒலிவாங்கி:

என் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நான் இரு மொழியிலும் தொகுத்து வழங்குபவன். இதுவரை அந்த வேறுபாட்டைக் கடிகாரம் வைத்துப் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன்.

ஆனால் இரண்டாவது வரியை, அதாவது ‘இனி எங்கள் வீட்டில் நிம்மதி’ என்பதைத் தயவுசெய்து எடுத்துவிட வேண்டாம். மேடையில் அதற்குக் கிடைக்கும் வரவேற்பு எனக்குத் தெரியும். முதலில் சிரிப்பார்கள், அடுத்த நொடியில் அண்ணனின் முகத்தைப் பார்த்து அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியை எந்த எழுத்தாலும் வாங்க முடியாது.

---

மெய்ப்பு மேசை:

அது நல்ல வரி என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. சொன்னதற்கு நேர் எதிரானதைத்தான் சொல்ல வருகிறார் என்பதை அவருடைய முகம் காட்டுகிறது. தாளில் முகம் இல்லாததால், சொன்னது மட்டும் நின்றுவிடும்: தங்கை போனாள், நிம்மதி. முகம் செய்யும் வேலையை வேறு ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். வீட்டில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்று அதே இடத்தில் வந்தால் போதும். எடுத்துக்காட்டாக, ‘இனி வீட்டில் நிம்மதி என்று சொன்ன அப்பா, சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்’ என்பது போல. இதை நான் கற்பனையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் நடந்தது எதுவோ அதை எழுதுங்கள். ‘நாளையிலிருந்து’ என்பதையும் ‘இனி’ என்று மாற்றிவிடலாம். நூலைப் படிப்பவருக்கு எந்த நாளை என்று தெரியாது.

---

ஒலிவாங்கி:

மேடையில் அந்தக் கூடுதல் வரியைச் சொன்னால் அமைதி கலைந்துவிடும். விளக்கிச் சொன்ன பிறகு கேட்பவர்களுக்குச் செய்ய வேலை இல்லை. மேடைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று இரு படிகள் இருக்கட்டும்.

---

மெய்ப்பு மேசை:

இரு படிகள் வைத்துக்கொண்டால், பெயர்களையும் இருமுறை சரிபார்க்க வேண்டும். ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றில் விடுபடும். அதனால் நான் எப்போதும் ஒரே படியைத்தான் பரிந்துரைப்பேன். இங்கே ஒலிவாங்கி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அண்ணனே முடிவு செய்யட்டும்.

---

நீலமை:

எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மணமகனைப் பழைய படியில் ‘அவன், வந்தான்’ என்று எழுதியிருந்ததை அவருடைய பெற்றோருக்காக ‘அவர், வந்தார்’ என்று மாற்றப் போகிறீர்கள். தங்கையை மட்டும் ‘அவள், வந்தாள், சிரித்தாள்’ என்றே விட்டுவிடுவீர்களா? பேச்சில் அது பாசம். அச்சில் ஒரே வாக்கியத்தில் ‘அவர் கேட்டார், அவள் சம்மதித்தாள்’ என்று பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, ஒருவர் உயர்ந்தவர், மற்றவர் தாழ்ந்தவர் என்றுதான் என் கண்ணுக்குப் படுகிறது.

---

தாழ்வாரம்:

அழைப்பிதழ் என்று நினைத்து முதலில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது முழுவதும் படித்தேன். நீலமை சொல்வதை நான் ஏற்கவில்லை. அண்ணன் தங்கையை ‘அவர்’ என்று சொன்னால் யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். எனக்கும் ஒரு தங்கை உண்டு. நான் அவளை ‘அவர்’ என்று எழுதினால், என்ன கோபம் என்று முதலில் அவள்தான் கேட்பாள்.

---

மெய்ப்பு மேசை:

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மெய்ப்புத் திருத்துபவனாக நான் கேட்பது ஒருமைப்பாட்டை மட்டும்தான். மணமகனுக்கு ‘அவர்’ என்று முடிவு செய்துவிட்டால், உரையின் கடைசி வரி வரை வினைமுற்றும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ‘அவன்’ என்பதைத் தேடி மாற்றிவிட்டு, ‘சொன்னான்’, ‘சிரித்தான்’, ‘போகிறான்’ ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். எழுவாய் இல்லாத வாக்கியங்களில்தான் இவை ஒளிந்திருக்கும். ‘அப்போதும் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டான்’ என்பதில் தேடுவதற்கு ‘அவன்’ இல்லை. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு முறை மேலிருந்து கீழே போக வேண்டும்.

தங்கைக்கு என்ன முடிவு எடுப்பது என்பதில் நான் தலையிட மாட்டேன். ஒரு வழி மட்டும் சொல்ல முடியும். தமிழில் எழுவாயை அடிக்கடி விட்டுவிடலாம், பெயரெச்சமாகவும் மாற்றலாம். ‘அவர் கேட்டார், அவள் சம்மதித்தாள்’ என்பதற்குப் பதிலாக ‘இருவரும் சம்மதித்தார்கள்’ என்று எழுதினால், அந்த இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடங்கள் பாதியாகக் குறையும்.

---

தங்கைக்கு அண்ணன்:

தங்கையிடமே கேட்டேன். “நீ என்னை அவர் என்று எழுதினால் நான் நூலை வாங்கிக்கொள்ளவே மாட்டேன், ஆனால் அவரை மட்டும் அவர் என்று எழுதுவதும் பிடிக்கவில்லை” என்றாள். அதனால் ஐயா சொன்னபடி இருவரும் சேர்ந்து வரும் வாக்கியங்களைத் திருத்தி எழுதினேன். தனியாக வரும் இடங்களில் அவளுக்கு ‘அவள்’ என்றே இருக்கிறது.

பெயர்த்தாள் ஒன்று தயாரித்தேன். பதினோரு பெயர்கள். அவற்றில் இரண்டை நான் தவறாக எழுதியிருந்தேன். மணமகனின் தாயாருடைய பெயரில் ‘ல’ என்று எழுதியிருந்தேன், அவர் எழுதுவது ‘ள’. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன்.

நிம்மதி வரியில் இப்படி முடிவு செய்தேன். அப்பா கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. நிச்சயம் ஆன அன்று இரவு, தங்கை ஊரில் இல்லாதபோது, அவளுடைய அறை வாசலில் நின்று விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தார். அதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். அச்சுப் படியில் அதைச் சேர்த்திருக்கிறேன். மேடையில் சொல்வேனா என்று இன்னும் தெரியவில்லை. கையில் இருக்கும் படியில் அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். இப்போது பேசினால் நான்கு நிமிடம் நாற்பது நொடி ஆகிறது.

---

ஒலிவாங்கி:

நேரம் மிகச் சரியாக இருக்கிறது. மேடைப்படியைப் பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் எண் போடுங்கள். ‘இனி எங்கள் வீட்டில்’ என்பது ஒரு தாளின் கடைசியிலும் ‘நிம்மதி’ அடுத்த தாளின் தொடக்கத்திலும் வந்துவிடக் கூடாது. தாளைப் புரட்டும் நேரத்தில் அந்த வரி செத்துவிடும்.

---

கடைசிவரிசை:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன், எழுதியதில்லை. குறிப்பேட்டைப் பற்றி மேலே எழுதியிருந்ததை உரையில் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கலாமா? ‘அவன்’ எல்லாம் ‘அவர்’ ஆன பிறகு எனக்கு ஓர் ஐயம்.

---

தங்கைக்கு அண்ணன்:

இதுதான் அந்தப் பத்தி: “கல்லூரியில் நானும் மதியழகனும் மாறி மாறிக் கடன் வாங்கிக்கொள்வோம். கணக்கு அவருடைய குறிப்பேட்டில் இருக்கும். விடுதியைக் காலி செய்த நாளில் அந்தக் குறிப்பேடு என் பெட்டிக்குள் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே இருந்த தொகையை அடித்து, கீழே ‘சரியாகிவிட்டது’ என்று எழுதியிருந்தார். நான் அந்தப் பணத்தைக் கொடுக்கவே இல்லை. இதைப் பல ஆண்டுகள் கழித்து எங்கள் அப்பாவிடம் அவர் முன்னிலையில் சொன்னபோது, அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.”

கடைசி வாக்கியம் நேற்றுச் சேர்த்தது. யாரிடமும் சொன்னதில்லை என்று இங்கே எழுதிய பிறகு மனம் கேட்கவில்லை. போன ஞாயிறு என்று இல்லாமல் ‘பல ஆண்டுகள் கழித்து’ என்று பொதுவாக வைத்தேன்.

---

கடைசிவரிசை:

நான் ஐயப்பட்டது இதைத்தான். எழுந்து வெளியே போனவர் யார்? மணமகனா, உங்கள் அப்பாவா? ‘அவன்’ என்று இருந்தபோது இந்தக் கேள்விக்கே இடம் இல்லை. அப்பாவை ‘அவன்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். இப்போது இருவருமே ‘அவர்’. அப்பா போனார் என்று படித்தால், கடனைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனார் என்று ஆகிறது.

---

தங்கைக்கு அண்ணன்:

போனவர் மதி. வெட்கப்பட்டுக்கொண்டு போனார். அந்த இடத்தில் ‘அவர்’ என்பதை எடுத்துவிட்டு ‘மதியழகன் வெட்கத்தோடு எழுந்து வெளியே போய்விட்டார்’ என்று பெயரையே போடுகிறேன். உரையில் இன்னும் எத்தனை இடங்களில் இரண்டு ‘அவர்’ இருக்கின்றன என்று இன்றிரவு பார்த்துவிட்டு, நாளைக் காலை அச்சகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன்.